எட்டு இலாகாக்களும் ஓர் அஞ்சல்பெட்டியும்

காஜா பெராங்கில், கரையான் ஒழிக்கும் கம்பெனி ஒன்றில் பதினோரு ஆண்டுகள் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். கீழே மருந்து பீப்பாய்கள், மேலே ஆபீஸ். ஆபீஸ் என்றால் நான், ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மின்விசிறி. முதலாளி பாதி நாள் வெளியில் இருப்பார். அவர் மனைவியும் ஒரு டைரக்டர்தான். திங்கட்கிழமை மட்டும் வந்து கையெழுத்துப் போடுவார். மருந்தடிக்கும் ஆட்களில் மூத்தவர் ஒருவரை எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம். இவ்வளவுதான் கம்பெனி.

ஆனால் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது எட்டு இலாகாக்கள் கொண்ட நிறுவனம்.

இதற்குக் காரணம் புக்கிட் ரம்பாயில் இருந்த ஒரு தொழிற்சாலை. அங்கே வேலை எடுக்க வேண்டுமானால் இணையத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். விற்பனைப் பிரிவின் மின்னஞ்சல் என்ன, புகார்ப் பிரிவு என்ன, தரம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல், பயிற்சி என்று ஆறு கட்டங்கள். நான் ஆறிலும் என் முகவரியையே எழுதப் போனேன். இரண்டாவது கட்டத்திலேயே சிவப்பு எழுத்து வந்தது: ஏற்கெனவே கொடுத்த முகவரியை மறுபடி கொடுக்கக் கூடாது.

முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"அப்ப ஆறு அட்ரஸ் செஞ்சிரு மா. நம்ம வெப்சைட் பேனல்ல செய்ய முடியும்தானே?"

செய்ய முடியும். எங்கள் வலைத்தளத்தை வைத்திருந்த இடத்தில் ஒரு கண்ட்ரோல் பேனல் உண்டு. அதில் அஞ்சல்பெட்டி ஒன்று திறக்கலாம். அந்தப் பெட்டிக்கு எத்தனை மாற்றுப் பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். மாற்றுப் பெயருக்கென்று தனிப் பெட்டி கிடையாது. எந்தப் பெயருக்கு எழுதினாலும் கடிதம் அதே பெட்டியில் வந்து விழும். அரை மணி நேரத்தில் ஆறு இலாகாக்களைத் திறந்தேன். எல்லாக் கடிதமும் என்னிடமே வந்தது.

முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று. பிறகு தன் அலுவலகத்துக்கென்று ஓர் இலாகா கேட்டார். போட்டிக் கம்பெனியின் பெயர் அட்டையில் 'ஆராய்ச்சி' என்று பார்த்துவிட்டு வந்த அன்று, "நமக்கும் ஒண்ணு போடு" என்றார். ஆராய்ச்சி இலாகாவுக்கு அத்தனை ஆண்டுகளில் வந்தது ஒரே ஒரு கடிதம். ஒரு பள்ளிப் பிள்ளை, ராணிக் கரையான் எத்தனை வருஷம் உயிரோடிருக்கும் என்று கேட்டிருந்தது. பல வருஷம் என்று ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதி, 'ஆராய்ச்சிப் பிரிவு' என்று கையெழுத்திட்டேன்.

இலாகாக்களுக்குத் தனித்தனிக் குணம் வந்தது எப்படி என்று எனக்கே தெரியாது. புகார்ப் பிரிவு பணிவானது. எதற்கும் மன்னிப்புக் கேட்கும். பாதுகாப்புப் பிரிவு கறார். ஒருமுறை கிளேபாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர், "உங்க புகார்ப் பிரிவுல இருக்கறவங்க தங்கமானவங்க, ஆனா அந்தச் சேஃப்டிக்காரன் சரியான திமிர் புடிச்சவன்" என்று என்னிடமே போனில் சொன்னார். "சொல்லி வைக்கிறேன்" என்றேன்.

பிறகு கிளேபாங்கில் ஒரு கிளினிக்கில் எனக்கு வேலை கிடைத்தது. வீட்டுக்கு அடுத்த தெரு. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தேன். முதலாளி இரண்டு நாள் என் மேசைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, ரொம்ப நேரம் யோசித்தவர் போலச் சொன்னார்:

"போற அன்னிக்கு உன் மெயில்பாக்ஸை டிலீட் பண்ணிட்டுப் போ. அதுல தொங்கிட்டிருக்கிற பேரையெல்லாம் சேத்து."

"பாஸ்வர்டை மாத்தினா போதும் பாஸ். நான் உள்ள வர முடியாது."

"மாத்தினா திரும்ப மாத்தலாம். டிலீட்னா டிலீட்."

பதினோரு ஆண்டு நம்பிக்கை அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேனலைத் திறந்து காட்டினேன். பெட்டியை அழித்தால் அதற்குள் இருக்கும் அத்தனை கடிதமும் போய்விடும். வெளியிலிருந்து எழுதுபவருக்கு, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று கடிதம் திரும்பிப் போகும். மாற்றுப் பெயர்கள் எல்லாம் அந்தப் பெட்டியைத்தான் காட்டிக்கொண்டிருக்கின்றன. பெட்டி போனால் எட்டு இலாகாவும் ஒரே நொடியில் போகும்.

"எட்டுமா?"

"எட்டும்."

அவர் முகத்தில் முதன்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். அமைச்சரவை கவிழ்ந்தவர் மாதிரி இருந்தார்.

"சரி, கொஞ்ச வாரத்துக்கு ஃபார்வர்ட் போட்டு வை. எழுதறவங்க எல்லாருக்கும் புது அட்ரஸ் சொல்ற வரைக்கும். ஆறு வாரம் போதுமா?"

"போதும். ஆனா ஃபார்வர்ட் போட்டா இனிமே வர்றதுதான் போகும் பாஸ். பழசு போகாது."

"ஏன் போகாது?"

"பழசு ஏற்கெனவே வந்து சேந்திருச்சே."

இதை அவருக்குப் புரியவைக்க ஒரு மத்தியானம் பிடித்தது. கடைசியில் அவர் மனைவிதான் ஒரே வரியில் முடித்தார்: "வீடு மாறினா தபால்காரர் இனிமே வர்ற கடுதாசியைத்தான் புது வீட்டுக்குக் கொண்டாருவாரு. அலமாரியில உள்ளதையும் தூக்கிட்டு வருவாரா?"

ஆகவே முதல் வேலை, பழைய கடிதங்களைக் காப்பாற்றுவது. என் கணினியில் தெரிந்ததெல்லாம் அந்தச் சர்வரில் இருப்பதன் நிழல்தான். அங்கே அழித்தால் இங்கேயும் மறையும். அதனால் கணினிக்குள்ளேயே ஒரு தனிக் கோப்பறை திறந்து, பதினோரு ஆண்டுக் கடிதங்களையும் அதற்குள் நகலெடுத்தேன். மூன்று நாள் ஆயிற்று. முடிந்ததும் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து பார்த்தேன். திறந்தன. அதன் பிறகுதான் நிம்மதி.

இரண்டாவது வேலை, இலாகாக்களை யாருக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது. இதற்காக ஒரு திங்கட்கிழமை காலையில் கூட்டம் போட்டார் முதலாளி. பசியாறத் தோசை வாங்கி வந்திருந்தார். பொட்டலம் பிரிபடும் முன்பே பங்கீடு தொடங்கியது.

"பாதுகாப்பு, சுற்றுச்சூழல். அண்ணே, ரெண்டும் உங்களுக்கு."

அண்ணன் காதில் ஒரு சிகரெட் செருகியிருந்தார். மருந்து பீப்பாயின் மேல் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பது அவருடைய வழக்கம்.

"எனக்கு இங்கிலீஷ் வராதே பாஸ்."

"வர வேணாம்ணே. மெயில் போன்ல வந்து விழும், எனக்குக் காட்டினா போதும்."

தரமும் பயிற்சியும் மனைவிக்குப் போயின. புகாரை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது அந்த அம்மா தோசையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வீட்டுல நான் சொல்ற புகாரையே கேக்க ஆளில்ல. ஊர்ப் புகாரை நான் கேக்கணுமா?"

புகார், விற்பனை இரண்டையும் முதலாளியே வைத்துக்கொண்டார். ஆராய்ச்சியையும் அவருடைய அலுவலக இலாகாவையும் அன்றே அழித்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் அலுவலகத்துக்கு வந்த கடிதம் எல்லாம் விளம்பரம்தான். ஆனாலும் முதலாளி கொஞ்சம் தயங்கினார்.

"ஆராய்ச்சியையுமா?"

"ஒரு கடுதாசிதான் வந்திருக்கு பாஸ்."

"இல்ல... பேரு நல்லாயிருந்துச்சு."

அந்த இரண்டும் அன்றே போயின. மிச்சம் ஆறு இலாகா, ஏழாவதாக என் சொந்த முகவரி. எங்கள் பேனலில், ஒரு பெயர் எங்கே போகிறது என்பதைத் திருத்த வழியில்லை; புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டுப் பழையதை அழிக்க வேண்டும். புதியதை முதலில் சேர்த்தேன், அழித்தலைப் பிறகு வைத்துக்கொண்டேன். மாற்றிச் செய்தால் நடுவில் வரும் கடிதம் திரும்பிவிடும். என் முகவரிக்கும் முதலாளிக்குப் போகும்படி ஒரு ஃபார்வர்ட் போட்டேன். பெட்டி உயிரோடிருக்கும்வரை நகல் என்னிடமும் வரும், அவரிடமும் போகும். ஒரு வாரம் அப்படி விட்டுவைத்தேன். என் சொந்தக் கைப்பேசியிலிருந்து ஒவ்வோர் இலாகாவுக்கும் 'சோதனை' என்று எழுதிப் பார்த்தேன். எல்லாம் போய்ச் சேர்ந்தன என்று மூவரும் சொன்னார்கள். அண்ணன் சொன்னதை மட்டும் நான் நேரில் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

கடைசி நாள் மாலை, அஞ்சல்பெட்டிகள் பட்டியலில் என் பெயருக்கு எதிரே இருந்த 'அழி'யை அழுத்தினேன். இதிலுள்ள கடிதங்கள் அனைத்தும் நிரந்தரமாக அழியும், நிச்சயமா என்று கேட்டது. முதலாளி பின்னால் நின்றார்.

"அமுக்கு."

அமுக்கினேன். பட்டியலில் ஒரு வரி குறைந்தது. அவ்வளவுதான். ஏதாவது சத்தம் வரும் என்று எதிர்பார்த்தவர் போல அவர் இன்னும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபார்வர்ட் பக்கத்தைத் திறந்து, ஏழு பெயரும் அப்படியே இருப்பதைக் காட்டினேன். பெட்டி போனாலும் வழி இருக்கும்; இரண்டும் வேறு வேறு. மறுபடி ஒரு சோதனைக் கடிதம் அனுப்பினேன். அவர் கைப்பேசி சிணுங்கியது. "ஆங், சுதா," என்றார். மலாயில், முடிந்தது என்று அர்த்தம்.

கிளினிக் வேலை நன்றாக இருந்தது. முதல் வாரம் போன் இல்லை. இரண்டாவது வாரம் முதலாளி கூப்பிட்டார்.

"என்னம்மா இது, புகார் எழுதறவங்களுக்கு நான் பதில் போட்டா பயப்படறாங்க?"

விஷயம் இதுதான். ஃபார்வர்ட் ஆகி வந்த கடிதத்துக்கு அவர் தன் பெட்டியிலிருந்து பதில் எழுதினார். பதில் அவருடைய சொந்த முகவரியிலிருந்து, 'நிர்வாக இயக்குநர்' என்ற கையெழுத்தோடுதான் போகும். குளியலறையில் கரப்பான் என்று எழுதிய ஒரு டீச்சருக்கு நிர்வாக இயக்குநரே பதில் போட்டதும், அந்த அம்மா மிரண்டுபோய், தான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்வதாக எழுதிவிட்டார்.

"அப்ப நல்லதுதானே பாஸ்?"

"நல்லதுதான். ஆனா கரப்பான் அங்கயேதான் இருக்கு."

நான்காவது வாரம் கிளினிக்குக்கு எனக்கொரு போன். பெண் குரல். சுத்தமான அலுவலக ஆங்கிலத்தில், புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையின் விற்பனையாளர் மேலாண்மைப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னார். அந்தப் பிரிவை எனக்கு நன்றாகத் தெரியும். 'மேற்கண்ட விடயம் தொடர்பாகத் தங்கள் கடிதம் திருப்திகரமாக இல்லை' என்ற பாணியில் ஆண்டுக்கணக்கில் என் இலாகாக்களை விரட்டிய பிரிவு.

மருந்துகளின் பாதுகாப்புத் தாள்கள் கேட்டு எங்கள் பாதுகாப்புப் பிரிவுக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லையாம். ஆபீசுக்குப் போன் செய்து பாதுகாப்புப் பிரிவைக் கேட்டால், "அவரு ஒரு வீட்டு அடியில படுத்திருக்காரு" என்று பதில் வந்ததாம். முன்பு ஒழுங்காகப் பதில் எழுதியவர் யார் என்று கேட்டதும், முதலாளி என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"நீங்கதான் சேஃப்டில இருந்தீங்களா?" திடீரென்று தமிழுக்கு மாறினார்.

"ஆமா."

"அப்ப குவாலிட்டியில இருந்தது யாரு? அவங்ககிட்டயும் ஒரு பதில் வரணும்."

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வேலையை விட்டாயிற்று, இனி யாருக்காக?

"அதுவும் நான்தாங்க."

"சுற்றுச்சூழல்?"

"நான்தான்."

"பயிற்சி?"

"எல்லாம் நான்தாங்க. பேருதான் ஆறு. பொட்டி ஒண்ணு."

ஒப்பந்தம் போயிற்று என்று நினைத்தேன். பிறகு ஒரு மூச்சு கேட்டது, அது சிரிப்பு.

"அக்கா, எனக்கும் ஒரே பொட்டிதான் கா. விற்பனையாளர் மேலாண்மை நான், தணிக்கைப் பிரிவு நான், ஆவணக் காப்பகம் நான். போன வருஷம் தணிக்கைப் பிரிவுலருந்து உங்களுக்கு ஒரு எச்சரிக்கை வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கு குவாலிட்டிலருந்து ரெண்டு பக்கம் பதில் போட்டேனே."

"அதைப் படிச்சிட்டு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினேன். நானே வாங்கி வச்சேன்."

கவுண்டரில் நோயாளிகள் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மருத்துவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஆறு கட்டத்திலும் வேறு வேறு முகவரி கேட்டு எங்களை இந்தக் கதிக்கு ஆளாக்கியது நீங்கள்தானே என்று கேட்டேன்.

"அது பெரிய கம்பெனிக்கான ஃபாரம் கா. சின்ன கம்பெனிக்குத் தனி ஃபாரம் இருக்கு. ஒரே கட்டம்தான்."

"இருக்கா?"

"எப்பவும் இருக்கு. முதல் பக்கத்துலயே, நீங்க சின்ன நிறுவனமான்னு கேக்கும். ஆமான்னு யாருமே அமுக்கினதில்ல."

அந்த முதல் பக்கத்தை நிரப்பியது முதலாளி. எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அன்று மாலை அண்ணனைக் கூப்பிட்டு, அவர் கைப்பேசியில் ஸ்பாம் என்ற இடத்தைத் திறக்கச் சொன்னேன். சோதனைக் கடிதமே அங்கேதான் கிடந்தது. வந்துவிட்டது என்று எதற்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "எல்லாரும் வந்துருச்சுன்னாங்க. நானும் சொன்னேன்," என்றார். தொழிற்சாலையின் இரண்டு கடிதங்களும் அதற்குள்ளேயே இருந்தன. தொழிற்சாலை அனுப்பிய கடிதத்தை எங்கள் சர்வர் மறுபடி அனுப்பும்போது, வாங்கும் இடத்துக்குச் சந்தேகம் வருவது சகஜம். எழுதியவர் ஒருவர், கொண்டுவந்து கொடுப்பவர் வேறொருவர். அவற்றை 'இது ஸ்பாம் இல்லை' என்று மாற்றி, முதலாளிக்கு அனுப்பச் சொன்னேன். தாள்கள் மறுநாளே போயின.

ஐந்தாவது வாரம் இன்னொரு போன். இந்த முறை முதலாளியின் குரலில் பதற்றம்.

"உன் பேருக்கு ஒரு மெயில் வந்திருக்கு மா. நம்ம வெப்சைட் பேரு காலாவதி ஆகப் போகுதாம். ஏமாத்துக்காரன்தானே? அழிச்சிட்டேன்."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அது ஏமாற்று அல்ல. வலைத்தளப் பெயரைப் பதிவு செய்த இடத்திலும் தொடர்புக்கு என் முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். எத்தனையோ பேருக்குப் புது முகவரி அனுப்பினேன். அந்த ஓர் இடத்தை மறந்துவிட்டேன். ஃபார்வர்ட் மட்டும் இல்லாமலிருந்தால் அந்தக் கடிதம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. பெயர் போனால் வலைத்தளமும் போகும், எல்லா அஞ்சல்பெட்டியும் போகும், நிர்வாக இயக்குநரும் போவார். அழித்த கடிதத்தைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுக்கவைத்து, அதில் உள்ள இணைப்பை அமுக்காமல் அவர்கள் தளத்துக்கு நேராகப் போய், பெயரைப் புதுப்பித்துத் தொடர்பு முகவரியையும் அவருடையதாக மாற்றச் சொன்னேன். போனிலேயே ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் முடிந்தது. பிறகு, "மத்தியானம் சாப்பிட்டியா?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஆறாவது வாரம் முடிந்த சனிக்கிழமை ஆபீசுக்குப் போனேன். மெர்டேக்கா சுதந்திர தினம் நெருங்கியிருந்ததால் வேனின் முன்பக்கத்தில் ஒரு சின்னக் கொடி. மேலே புதுக் கிராணி உட்கார்ந்திருந்தார். அவருக்கு 'ஆபீஸ்' என்று ஒரே ஒரு பெட்டி. முதலாளியும் மனைவியும் இருந்தார்கள். சின்ன நிறுவனங்களுக்கான விண்ணப்பத்தைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன். அதை ஏற்க முதலாளிக்கு எட்டு நாள் ஆனது. 'நீங்கள் சின்ன நிறுவனமா' என்ற கேள்விக்கு, 'ஆம்' என்பதைக் கடைசியில் மனைவிதான் அமுக்கினாராம்; முதலாளி அப்போது கீழே பீப்பாய் எண்ணப் போய்விட்டாராம்.

கடைசி இரண்டு வாரத்தில் பழைய முகவரிகளுக்கு வந்த கடிதங்களைப் பார்த்தோம். பெறுநர் இடத்தில் பழைய பெயர் அப்படியே இருக்கும், அதனால் யார் இன்னும் மாறவில்லை என்று தெரிந்துவிடும். இரண்டே பேர். இருவருக்கும் புதுக் கிராணி எழுதினார். பிறகு ஃபார்வர்ட் பக்கத்தைத் திறந்து, விற்பனை, புகார், தரம் என்று ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயமா' என்று கேட்டது. கடைசியாக என் பெயர். அதையும் அழித்தேன். ஓர் எழுத்துக்கூட இல்லாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திமிர் பிடித்த அந்தச் சேஃப்டிக்காரனை நினைத்துத்தான் எனக்கு அதிக வருத்தம்.

முதலாளி மேசை இழுப்பறையிலிருந்து அச்சகத்தின் மாதிரி அட்டையை எடுத்து நீட்டினார். புதுப் பெயர் அட்டை. பழையதில் பின்பக்கம் முழுக்க இலாகாக்கள் இருக்கும். இதில் ஒரு முகவரி, ஒரு தொலைபேசி எண். பின்பக்கம் வெள்ளை.

"நல்லாத்தானே இருக்கு பாஸ்."

"காலியா இருக்கே மா," என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஃபேக்ஸ் நம்பராவது போடலாமா?"

"ஃபேக்ஸ் மிஷின் கெட்டுப்போய் ரொம்ப வருஷம் ஆச்சே."

"மிஷின்தானே கெட்டுச்சு," என்றார். "நம்பர் நல்லாத்தானே இருக்கு."